கொதிக்கவிட்டு எடைபோடுவதா, பாத்திரத்தை மாற்றுவதா: விறகடுப்பின் பயனுறுதிறனை அளக்கும் இரு முறைகள்

எடை தெரிந்த தண்ணீரைச் சூடாக்கி, அதற்கு எரிந்த விறகின் எடையைக் கண்டு, அடுப்பின் வெப்பப் பயனுறுதிறனைக் கணக்கிடுவது பார்வைக்கு எளிய வேலைதான். தண்ணீருக்குள் போன வெப்பத்தை விறகு தந்த வெப்பத்தால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். ஆனால் ஒரே அடுப்பை இரண்டு பேர் சோதித்து இரண்டு வேறு விழுக்காடுகளைச் சொல்வதும், இரண்டும் சரியாகவே அளக்கப்பட்டிருப்பதும் இத்துறையில் வழக்கமாக நடப்பவை. தண்ணீர் கொதிநிலையை அடைந்த பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு இருவரும் வேறு வேறு விடை தேர்ந்திருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

இரண்டு அடுப்புகளை ஒப்பிட விரும்பும் ஒருவரிடம் ஒரு தராசும் ஒரு வெப்பமானியும் இருக்கின்றன என்று கொள்வோம். அவர் முன்னே முக்கியமான இரு வழிகள் உள்ளன. முதலாவது, மூடியில்லாத ஒரே பாத்திரத்தைக் கொதிக்கவிட்டு, ஆவியாகிப் போன தண்ணீரின் எடையையும் பயன்பட்ட வெப்பமாகக் கணக்கில் சேர்ப்பது. வீட்டா என்ற தொழில்நுட்ப உதவி அமைப்பு 1985-இல் வெளியிட்ட சோதனை நெறியும், அதன் வழியில் பின்னர் வந்த தண்ணீர் கொதிக்கவைக்கும் சோதனைகளும் இதையே பின்பற்றுகின்றன. இரண்டாவது, மூடியிட்ட பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் அதை இறக்கிவிட்டு, குளிர்ந்த தண்ணீர் உள்ள அடுத்த பாத்திரத்தை ஏற்றி, தீ அணையும்வரை இவ்வாறே மாற்றிக்கொண்டிருப்பது. ஐ.எஸ். 13152 என்ற இந்தியத் தர நெறி இந்த வழியில் செல்கிறது.

முதல் முறையின் கணக்கு இது:

```
η = (m × 4.186 × (T2 − T1) + w × 2260) / E
```

இதில் m என்பது தொடக்கத்தில் இருந்த தண்ணீரின் எடை, T1, T2 என்பவை தொடக்க வெப்பநிலையும் கொதிநிலையும், w என்பது ஆவியான தண்ணீரின் எடை, E என்பது விறகு தந்த ஆற்றல். எடைகள் கிலோகிராமிலும் ஆற்றல் கிலோஜூலிலும் உள்ளன. 4.186 என்ற எண் ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய வெப்பத்தையும், 2260 என்ற எண் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாவதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தையும் குறிக்கின்றன. ஒரு கிலோ தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 300 கிலோஜூல் போதும் என்பதை நினைவில் கொண்டால், இந்த எண்ணின் கனம் புரியும்.

கணக்கை விளக்குவதற்காக ஓர் அடுப்பை எடுத்துக்கொள்வோம். ஈரப்பதம் 10 விழுக்காடு உள்ள ஒரு கிலோ விறகை அதில் முழுவதுமாக எரிக்கிறோம். உலர்ந்த விறகின் நிகர எரிமதிப்பைக் கிலோவுக்கு 18,300 கிலோஜூல் என்று வைத்தால், 900 கிராம் உலர்பொருளிலிருந்து 16,470 கிலோஜூல் வருகிறது. மீதி 100 கிராம் ஈரத்தைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 255 கிலோஜூல் செலவாகிறது. எனவே விறகு உண்மையில் தந்தது 16,215 கிலோஜூல். ஐந்து கிலோ தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 99 டிகிரிக்கு ஏற 1,486 கிலோஜூல் வேண்டும். அதன் பிறகு தீ அணையும்வரை கொதித்ததில் 1.15 கிலோ ஆவியானது என்றால் அதற்கு 2,599 கிலோஜூல். மொத்தம் 4,085, பயனுறுதிறன் 25.2 விழுக்காடு.

இந்த விடையின் உட்கூறுகளைப் பார்த்தால்தான் முறையின் பலவீனம் தெரியும். பயன்பட்டதாகச் சொல்லப்படும் வெப்பத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, பாத்திரத்தில் குறைந்த எடையை மட்டுமே நம்பி நிற்கிறது. பாத்திரத்திலிருந்து போன தண்ணீர் முழுவதும் நீராவியாகவே போனது என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. தீ பலமாக எரியும்போது, விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை கீழே இருக்கும் தண்ணீர் குமிழியிட்டுப் பொங்கி, துளிகளாகத் தெறித்து அடுப்பின் மேல் விழுந்து சீறுகிறது. இப்படித் தெறித்துப்போகும் ஒவ்வொரு 100 கிராமும் உண்மையில் கொதிநிலைவரை சூடான தண்ணீர்தான். ஆனால் சூத்திரத்தில் அது 226 கிலோஜூல் நீராவியாகப் பதிவாகி, பயனுறுதிறனில் 1.4 புள்ளியைப் பொய்யாகக் கூட்டிவிடுகிறது. அடுப்பின் மேற்பரப்பிலும் பாத்திரத்தின் வெளிப்புறத்திலும் நீர்க்கோடுகள் தெரிந்தால் அந்தச் சோதனையை ஒதுக்கிவிடுவதே நல்லது. ஏழு லிட்டர் பாத்திரத்தில் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றச் சொல்வதன் பயன்களில் ஒன்று இந்தத் தெறிப்புக்கு இடம் விடுவது.

மூடி போட்டால் தெறிப்பு நிற்கும் என்று தோன்றலாம். ஆனால் இந்த முறையில் மூடி வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. மூடியின் அடியில் நீராவி குளிர்ந்து மீண்டும் தண்ணீராகப் பாத்திரத்தில் சொட்டுகிறது. அந்த நீராவியை உண்டாக்க அடுப்பு வெப்பம் கொடுத்தது உண்மை. அது மூடி வழியாகக் காற்றுக்குப் போய்விட்டது. தராசோ எடை குறையவில்லை என்கிறது. ஆகவே மூடிபோட்ட சோதனை அடுப்பைக் குறைத்து மதிப்பிடும். அதனால்தான் ஆவியை எடைபோடும் முறையில் பாத்திரம் திறந்தே இருக்க வேண்டும்.

பாத்திரத்தை மாற்றும் முறை இந்தத் தொல்லையை வேரோடு தவிர்க்க முயல்கிறது. கொதிக்கவே விடாததால் ஆவியின் கணக்கு தேவைப்படுவதில்லை; வெப்பமானி காட்டும் ஏற்றமும் தண்ணீரின் எடையும் போதும். அதே அடுப்பில், அதே ஒரு கிலோ விறகை, அதே இடைவெளியில் ஊட்டி எரிக்கிறோம் என்று கொள்வோம். ஒவ்வொரு பாத்திரத்திலும் ஐந்து கிலோ தண்ணீர். பாத்திரமும் மூடியும் சேர்ந்து 800 கிராம் அலுமினியம். அலுமினியத்தின் தன்வெப்பத்தை ஒரு கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு 0.896 கிலோஜூல் என்று எடுத்தால், 28-இலிருந்து 95 டிகிரிக்கு ஏறும் ஒரு பாத்திரம் தண்ணீருக்கு 1,402, உலோகத்துக்கு 48 என 1,450 கிலோஜூல் வாங்குகிறது. இரண்டு பாத்திரங்கள் 95-ஐத் தொட்டு இறங்கின. மூன்றாவது 88 டிகிரியில் இருக்கும்போது சுவாலை அணைந்தது. அந்த மூன்றாவதின் பங்கு 1,299. மொத்தம் 4,199 கிலோஜூல், பயனுறுதிறன் 25.9 விழுக்காடு.

இங்கே 0.7 புள்ளி கூடுதலாக வந்திருக்கிறது. அடுப்பு இம்முறையில் நன்றாக எரிந்தது என்று இதற்குப் பொருளல்ல. உலோகத்துக்குப் போன வெப்பத்தை இரண்டாவது முறை கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. முதல் முறை சேர்ப்பதில்லை. மூன்று பாத்திரங்களின் உலோகப் பங்கு மட்டும் 139 கிலோஜூல், அதாவது 0.86 புள்ளி. அதை நீக்கினால் இரண்டாவது முறையின் விடை 25.0 ஆகிவிடும், அதாவது முதல் முறையைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே ஒரு நெறியில் அளந்த அடுப்பின் விழுக்காட்டையும் வேறொரு நெறியில் அளந்த அடுப்பின் விழுக்காட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில், ஒன்றிரண்டு புள்ளி வேறுபாட்டுக்கு எந்தப் பொருளும் கிடையாது.

இரண்டாவது முறைக்கும் அதற்கே உரிய கசிவு உண்டு. 80 டிகிரியைத் தாண்டியதும் மூடியின் ஓரத்தில் ஆவி எட்டிப் பார்க்கத் தொடங்கும். பாத்திரத்துக்கு 20 கிராம் போனாலும் மூன்று பாத்திரங்களில் சேர்ந்து 136 கிலோஜூல் கணக்கில் வராமல் நழுவுகிறது. இது ஏறக்குறைய 0.8 புள்ளி. மூடி சரியாகப் பொருந்தாத ஒரு பாத்திரமும் நன்றாகப் பொருந்தும் மற்றொரு பாத்திரமும் இருந்தால், அடுப்புகளை ஒப்பிடுவதற்குப் பதிலாக மூடிகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். அடுத்தது கிளறுதல். அடியில் சூடான தண்ணீரும் மேலே சற்றுக் குளிர்ந்த தண்ணீருமாக அடுக்கடுக்காக நின்றால் வெப்பமானி எங்கே இருக்கிறதோ அங்கே உள்ளதைத்தான் சொல்லும். ஆகையால் 80 டிகிரியிலிருந்து மூடியின் துளை வழியாக மெல்லக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவதாக, பாத்திரம் மாற்றும் அந்தச் சில நொடிகளில் அடுப்பின் வாய் திறந்திருக்கிறது. மாற்றும் கை நிதானமாக இருந்தால் இது பெரிய இழப்பு அல்ல. ஆனால் அடுத்த பாத்திரம் எடைபோடப்பட்டு, தொடக்க வெப்பநிலை குறிக்கப்பட்டு, முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

இந்த முறைக்கு உயரமும் ஒரு வரம்பு விதிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏறும்போதெல்லாம் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறைகிறது. 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்பதால், 95 டிகிரிக்காகக் காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார். அத்தகைய இடங்களில் கொதிநிலையை முதலில் அளந்து, அதற்குப் பத்து டிகிரி கீழே ஒரு வரம்பை வைத்துக்கொண்டு, ஒப்பிடும் எல்லா அடுப்புகளுக்கும் அதையே கடைப்பிடிக்கலாம். கொதிக்கவைக்கும் முறையிலும் கொதிநிலையை 100 என்று ஊகிக்காமல் அங்கேயே அளந்துகொள்வது கட்டாயம்.

இரண்டு அடுப்புகளில் எது விறகின் வெப்பத்தைப் பாத்திரத்துக்கு நன்றாகக் கடத்துகிறது என்பது மட்டுமே கேள்வியாக இருந்தால், பாத்திரம் மாற்றும் முறையையே நான் தேர்ந்தெடுப்பேன். அதன் பிழைகள் மூடி, கிளறுதல், மாற்றும் நேரம் போன்ற கையால் கட்டுப்படுத்தக்கூடிய சிறு விஷயங்களில் அடங்கியிருக்கின்றன. ஒரே பெரிய எண் மீது முழுக் கணக்கும் சாய்ந்து நிற்பதில்லை. ஒரே பாத்திரம்தான் இருக்கிறது, அல்லது உதவிக்கு ஆள் இல்லை என்றால் கொதிக்கவைக்கும் முறை போதும். ஆனால் தெறிப்பில்லாத மிதமான தீயில், திறந்த பாத்திரத்தில், நல்ல தராசில் அதைச் செய்ய வேண்டும்.

ஆனால் சமையலில் பாதி நேரம் சிறு தீயில்தான் கழிகிறது. கொதித்த பிறகு அதே சூட்டில் வைத்திருக்க அடுப்பு எவ்வளவு விறகு கேட்கிறது என்பது வாங்குபவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய செய்தி. பாத்திரம் மாற்றும் முறை இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கொதிக்கவைக்கும் சோதனையில் இதற்காக 45 நிமிடங்கள் தண்ணீரைக் கொதிநிலைக்கு மூன்று டிகிரிக்குள் வைத்திருக்கும் ஒரு கட்டம் உண்டு. சிக்கல் என்னவென்றால், அந்தக் கட்டத்துக்கும் அதே பயனுறுதிறன் சூத்திரத்தைப் போட்டால் விடை தலைகீழாக வந்துவிடும்.

கணக்காகவே பார்ப்போம். தீயைக் குறைக்க முடியாத ஓர் அடுப்பு இந்த 45 நிமிடத்தில் 600 கிராம் விறகை எரித்து 1.2 கிலோ தண்ணீரை ஆவியாக்குகிறது. நன்றாகத் தணித்து எரிக்கக்கூடிய மற்றோர் அடுப்பு 300 கிராம் மட்டும் எரித்து 400 கிராமை ஆவியாக்குகிறது. இரண்டிலும் தண்ணீர் ஒரே சூட்டில்தான் இருந்தது. உள்ளே அரிசியோ பருப்போ இருந்திருந்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வெந்திருக்கும், ஏனென்றால் வேகும் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலையே தவிர, வெளியேறும் ஆவியின் அளவு அல்ல. ஆனால் சூத்திரம் முதல் அடுப்புக்கு ஏறக்குறைய 28 விழுக்காடும், பாதி விறகில் அதே வேலையை முடித்த இரண்டாவதற்கு 19 விழுக்காடும் தருகிறது. வீணாகப் போன நீராவியைப் பயன் என்று எண்ணுவதால் வரும் கோணல் இது. எனவே சிறுதீக் கட்டத்தில் விழுக்காட்டை எழுதவே கூடாது என்பது என் கருத்து; எரிந்த விறகின் எடையை அப்படியே எழுதினால் போதும். 600, 300 என்ற இரண்டு எண்களில் எது நல்லது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த முடிவு கரியைப் பற்றியது. முறை எதுவானாலும் இந்தக் கேள்வி வந்து நிற்கும். நேர்மையான சோதனைகள்கூட ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இதுவே பெருங்காரணம் என்று சொல்லலாம். சுவாலை அணைந்த பிறகு அடுப்பில் தணலும் கரியும் மிஞ்சுகின்றன. கரியின் எரிமதிப்பு கிலோவுக்கு ஏறக்குறைய 29,500 கிலோஜூல். விறகைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்த ஆற்றல் இன்னும் எரியவில்லை என்று விறகின் கணக்கிலிருந்து கழிப்பதா, அல்லது அந்த அடுப்பு அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டது என்று கணக்கிலேயே வைத்திருப்பதா?

மேலே கண்ட அடுப்பில் 60 கிராம் கரி மிஞ்சியதாகக் கொள்வோம். அதன் ஆற்றல் 1,770 கிலோஜூல். கழிக்காவிட்டால் 25.9 விழுக்காடு, கழித்தால் 4,199-ஐ 14,445-ஆல் வகுத்து 29.1 விழுக்காடு. இப்போது விறகிலிருந்து வாயுவைப் பிரித்தெடுத்து மேலே எரிக்கும் வகையான இரண்டாவது அடுப்பு ஒன்றை எடுப்போம். அதே விறகில் அது தண்ணீருக்குக் கொடுத்தது 3,900 கிலோஜூல். மிஞ்சிய கரி 180 கிராம். கழிக்காவிட்டால் 24.1, கழித்தால் 35.8. ஒரு கணக்கில் முதல் அடுப்பு முந்துகிறது. மற்றக் கணக்கில் இரண்டாவது வெகுதூரம் முந்துகிறது. தராசும் வெப்பமானியும் இரண்டிலும் ஒரே எண்களைத்தான் சொன்னன.

இதில் எது சரி என்பது அந்தக் கரிக்கு அடுத்து என்ன நேர்கிறது என்பதைப் பொறுத்தது. அதை எடுத்து வேறோர் அடுப்பில் எரிப்பவருக்குக் கழிப்பது நியாயம். சாம்பலோடு சேர்த்துக் கொட்டுபவருக்கு, அதே அளவு சமையலுக்கு எவ்வளவு விறகு வெட்ட வேண்டும் என்பதே கேள்வி. அவருக்குக் கழிக்காத எண்தான் உண்மை. 2018-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 19867-1 நெறி கரியின் ஆற்றலைச் சேர்த்தும் சேர்க்காமலும் பயனுறுதிறனைக் கணக்கிட இடம் தருகிறது. இரண்டையும் வெளியிடாத சோதனை அறிக்கையைப் பார்த்து அடுப்பை வாங்குவது சரியல்ல.

கரியை எடைபோடுவதிலும் கவனம் வேண்டும். தணல் காற்றில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் எடை குறைந்துகொண்டே வரும். தண்ணீர் தெளித்து அணைத்தால் ஈரம் எடையைக் கூட்டிவிடும். எடை தெரிந்த, காற்றுப் புகாத மூடியுள்ள இரும்பு டப்பாவில் அதை உடனே போட்டு மூடி, ஆறவிட்டு எடைபோடுவதே தகுந்த வழி. பாதியில் சோதனையை நிறுத்தியிருந்தால், கொள்ளிக்கட்டையின் நுனியில் ஒட்டியிருக்கும் கரியைத் தட்டி உதிர்த்து, கரியையும் எரியாத விறகையும் தனித்தனியே நிறுக்க வேண்டும்.

எந்த முறையைத் தேர்ந்தாலும் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடக்கூடியது விறகின் ஈரம். மேலே 10 விழுக்காடு என்று எடுத்தோம். உண்மையில் அது 20 விழுக்காடாக இருந்திருந்தால் அந்த ஒரு கிலோ விறகு தந்த ஆற்றல் 16,215 அல்ல, ஏறக்குறைய 14,130 கிலோஜூல்தான், 25.9 என்று எழுதப்பட்ட பயனுறுதிறன் உண்மையில் 29.7. இதுவரை பேசிய தெறிப்பு, மூடி, உலோகம் ஆகிய எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை இது. கையில் எடுத்துப் பார்த்து ஈரத்தைச் சொல்ல முடியாது. அதே கட்டிலிருந்து சில துண்டுகளை எடுத்து, நிறுத்து, 105 டிகிரி சூட்டில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். இழந்த எடையை ஈர விறகின் எடையால் வகுத்தோமா, உலர்ந்த விறகின் எடையால் வகுத்தோமா என்பதையும் எழுதிவைக்க வேண்டும். முதல் வழியில் 20 என்பது இரண்டாவது வழியில் 25 ஆகும். மின்முள் பதித்து அளக்கும் சிறு கருவிகள் பெரும்பாலும் உலர் எடையை அடிப்படையாகக் கொண்ட எண்ணையே காட்டுகின்றன. மேலே உள்ள கணக்கோ ஈர எடையை அடிப்படையாகக் கொண்டது.

தடித்த மண்சுவர் உள்ள அடுப்புக்கு இன்னொரு குறிப்பும் தேவை. குளிர்ந்த நிலையில் பற்றவைத்தால் முதல் வெப்பத்தில் ஒரு பகுதியைச் சுவரே குடித்துவிடும். சூடாக இருக்கும்போது அதே அடுப்பு நன்றாகத் தெரியும். மெல்லிய தகர அடுப்பில் இந்த வேறுபாடு சிறிது. ஆகவே இவ்விரு வகைகளை ஒப்பிடும்போது குளிர் தொடக்கத்திலும் சூடான தொடக்கத்திலும் தனித்தனியே சோதித்து, இரண்டு எண்களையும் கலக்காமல் வைத்திருக்க வேண்டும்.

எத்தனை முறை சோதிப்பது என்பதையும் தொடங்குமுன்பே தீர்மானித்துக்கொள்வது நல்லது. விறகின் தடிமனும் ஊட்டும் கையும் ஒவ்வொரு முறையும் சிறிது மாறும் என்பதால், ஒரே அடுப்பின் விடைகளே சிதறும். ஒவ்வோர் அடுப்பையும் மூன்று முறை சோதித்து, விடைகளின் திட்ட விலக்கம் ஒரு புள்ளி என்று இருந்தால், இரு சராசரிகளுக்கும் இடையே ஏறக்குறைய 2.3 புள்ளி இடைவெளி இருந்தால்தான் 95 விழுக்காடு நம்பிக்கையோடு ஒன்று மற்றதைவிட மேலானது என்று சொல்ல முடியும். இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தால், சோதனைகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். இல்லையேல் பயனுறுதிறனில் இரண்டும் சமம் என்று கொண்டு, சிறுதீயில் எரிந்த விறகின் எடையை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.